வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

2025ஆம் ஆண்டு தொடங்கியபோது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 6.5 சதவீதமாக இருந்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை குறைத்து, ஆண்டு முடிவதற்குள் அதை 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஆண்டில் 1.25 சதவீதம் இறங்கியது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பலர் அந்த ஆண்டு முழுக்கக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “வட்டி குறைஞ்சிருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, என் கடனுக்கு ஏன் குறையல?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம், கடனை வேறு வங்கிக்கு மாற்றுவது. வங்கிக்காரர்கள் இதை ‘டேக் ஓவர்’ என்றும் ‘பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்’ என்றும் சொல்வார்கள். புதிய வங்கி உங்கள் பாக்கிக் கடனைப் பழைய நிறுவனத்துக்குக் கட்டித் தீர்த்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளும். அன்று முதல் அந்த வங்கிக்குத் தவணை கட்டுவீர்கள். விளம்பரத்தில் 8 சதவீதம் என்று போட்டிருக்கிறது, நாம் கட்டுவதோ 9.5 சதவீதம் என்றால் உடனே மாற்றிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால், மாற்றியும் நஷ்டப்படலாம். மாற்றாமலே பெற்றிருக்கக்கூடிய லாபத்தையும் விட்டுவிடலாம். கணக்கில் சேர வேண்டிய மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது. அதற்கு முன், வட்டி ஏன் சிலருக்கு இறங்குகிறது, சிலருக்கு இறங்குவதில்லை என்பதைப் பார்த்துவிடுவோம்.

மாறும் வட்டிக் கடனில் உங்கள் வட்டி இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று அடிப்படை விகிதம். இன்னொன்று அதன் மேல் உங்களுக்கென்று வைக்கும் கூடுதல்; வங்கியில் இதை ‘ஸ்ப்ரெட்’ என்பார்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவைத் தேர்ந்தெடுத்தன. அப்படிப்பட்ட கடனில் ரெப்போ இறங்கினால் மூன்று மாதத்துக்குள் உங்கள் வட்டியும் இறங்கியாக வேண்டும். அதே வேகத்தில் ஏறவும் செய்யும் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்தைத் தொட்டது. அப்போது பலருடைய கடன் பல ஆண்டுகள் நீண்டுபோனது.

வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை. அவை தாங்களே நிர்ணயிக்கும் ஓர் அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்கின்றன. ரெப்போ ஒன்றேகால் சதவீதம் இறங்கினாலும் அந்த விகிதம் அரை சதவீதம்தான் இறங்கலாம், தாமதமாகவும் இறங்கலாம். புதிதாக வருகிறவருக்குக் குறைந்த வட்டி சொல்லி ஆள் சேர்ப்பதும், ஏற்கெனவே உள்ளவரைப் பழைய வட்டியிலேயே விட்டுவைப்பதும் அங்கே எளிது. 2019க்கு முன் வங்கியில் கடன் வாங்கியவர்களிலும் சிலர் இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையிலோ அதற்கும் முந்தைய அடிப்படை வட்டி முறையிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கும் இறக்கம் மெதுவாகத்தான் வரும்.

ஆகவே கையில் எடுக்க வேண்டிய முதல் காகிதம் உங்கள் கடன் ஒப்பந்தமும் கடைசியாக வந்த கணக்கு அறிக்கையும். தவணைத் தொகை குறையவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வட்டி இறங்கும்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் கடன் முடியும் காலத்தைத்தான் குறைக்கும். வட்டி விகிதம் எவ்வளவு, அது எதோடு இணைந்திருக்கிறது, இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்ற மூன்றும் தெரிய வேண்டும். வட்டி விகிதத்தையும் பாக்கித் தவணைகளின் எண்ணிக்கையையும் காட்டும் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

முதலில் பழைய இடத்தில் கேளுங்கள்

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். புறநகரில் ஓர் அடுக்குமாடி வீடு. ஒரு வீட்டு வசதி நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனில் இன்னும் 30 லட்சம் ரூபாய் பாக்கி. கட்ட வேண்டிய காலம் 15 ஆண்டு, அதாவது 180 மாதம். வட்டி 9.5 சதவீதம். மாதத் தவணை 31,327 ரூபாய். ஒரு வங்கி 8 சதவீதத்துக்குக் கடனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. அங்கே அதே 180 மாதத்துக்குத் தவணை 28,670 ரூபாய். மாதம் 2,657 ரூபாய் மிச்சம். பதினைந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 4,78,000 ரூபாய்.

இந்த எண்ணைப் பார்த்ததும் புதிய வங்கியில் கையெழுத்துப் போடக் கிளம்பிவிடுவோம். அங்கேதான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பழைய நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ‘என் வட்டியைக் குறைத்துத் தர முடியுமா?’ என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? பெரும்பாலான நிறுவனங்களில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பாக்கிக் கடனில் ஒரு சிறு சதவீதத்தையோ குறிப்பிட்ட ஒரு தொகையையோ மாற்றுக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, வட்டியைப் புதிய வாடிக்கையாளர்களுக்கு உள்ள அளவுக்கு அருகில் கொண்டுவருவார்கள். பத்திரம் கைமாறாது, பதிவாளர் அலுவலகம் போக வேண்டியதில்லை, சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள். ஆனால் இதை அவர்களாக முன்வந்து சொல்வது அரிது. கேட்டால்தான் கிடைக்கும்.

நம் குடும்பம் கேட்டது, நிறுவனம் 8.5 சதவீதம் தருவதாகச் சொன்னது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் பாக்கிக் கடனில் கால் சதவீதம், 7,500 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 8,850 ரூபாய். புதிய தவணை 29,542 ரூபாய். இருந்த இடத்தில் இருந்துகொண்டே மாதம் 1,785 ரூபாய் மிச்சம். போட்ட கட்டணம் ஐந்தே மாதத்தில் திரும்பிவிடும்.

நான் சொன்ன மூன்றாவது எண் இதுதான். ஒப்பிட வேண்டியது 9.5 சதவீதத்தையும் 8 சதவீதத்தையும் அல்ல. பழைய இடம் கேட்டால் தரக்கூடிய 8.5 சதவீதத்தையும் புதிய இடத்தின் 8 சதவீதத்தையும்தான். ஒன்றரை சதவீத வித்தியாசம் அரை சதவீதமாகிவிட்டது. கணக்கே மாறிவிடும்.

வங்கியில் கடன் இருப்பவர்களும் கேட்கலாம். எம்.சி.எல்.ஆர். கடனை ரெப்போ கடனாக மாற்றுவது ஒரு வழி. ஏற்கெனவே ரெப்போவோடு இணைந்த கடன் என்றால் ஸ்ப்ரெட்டைக் குறைக்கக் கேட்கலாம். முன்பு அதன் பல பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் வங்கி மாற்ற முடியும் என்றிருந்தது. வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வதற்காக அதற்கு முன்னதாகவும் குறைக்கலாம் என்று 2025 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. ‘விதி இடம் தரவில்லை’ என்று கிளையில் சொன்னால், இந்த மாற்றத்தை நினைவூட்டலாம்.

மாற்ற என்ன செலவாகும்?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது. வங்கிகளுக்கு இந்த விதி 2012 முதல் இருக்கிறது. நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும். சொந்தப் பணத்தில் அடைத்தாலும் சரி, இன்னொரு வங்கி அடைத்தாலும் சரி. நிலையான வட்டிக் கடன் என்றால் அபராதம் இருக்கலாம். முதல் சில ஆண்டு நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி என்ற கலப்புக் கடனில், முடிக்கும் நாளில் எந்த வட்டியில் இருக்கிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

செலவு முழுவதும் புதிய கடனை உண்டாக்குவதில்தான் வருகிறது. புதிய வங்கிக்கு நீங்கள் ஒரு புது வாடிக்கையாளர், உங்கள் வீடு ஒரு புது அடமானம். பரிசீலனைக் கட்டணம் அரை சதவீதம் என்றால் 15,000, ஜி.எஸ்.டி.யோடு 17,700 ரூபாய். அவ்வப்போது வங்கிகள் இதைத் தள்ளுபடி செய்யும் காலம் வரும். அதற்காகக் கொஞ்சம் காத்திருப்பதில் தவறில்லை. வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துத் தருவதற்கும், மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கும் சேர்த்து 8,000 ரூபாய் என்று வைப்போம்.

தமிழ்நாட்டில் பலரும் எதிர்பாராத செலவு அடுத்து வருகிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணத்தை, நாம் ‘எம்.ஓ.டி.’ என்று சொல்வதை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 0.5 சதவீதம், அதிகபட்சம் 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 6,000 ரூபாய். முதல் முறை கடன் வாங்கியபோதே இதைக் கட்டியிருப்பீர்கள். இருந்தாலும் பழைய எம்.ஓ.டி. பழைய நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. புதிய வங்கிக்குப் புதிதாகப் போட வேண்டும், தீர்வையும் புதிதாகக் கட்ட வேண்டும். 30 லட்சத்துக்கு இது 15,000 கூட்டல் 6,000, ஆக 21,000 ரூபாய். வங்கியின் விளம்பரத்தில் இந்தத் தொகை இருக்காது, ஏனென்றால் இது வங்கிக்குப் போவதில்லை, அரசுக்குப் போகிறது.

பழைய எம்.ஓ.டி.யை நீக்கும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யவும், ஆவணம் எழுதுபவருக்கும், இதர சில்லறைச் செலவுகளுக்கும் 6,300 ரூபாய் ஒதுக்குவோம். எல்லாம் சேர்த்து 53,000 ரூபாய்.

இப்போது வகுத்துப் பார்க்கலாம். நம் குடும்பம் பழைய நிறுவனத்திடம் எதுவுமே கேட்காமல் நேரே மாறினால், 53,000 ரூபாயை மாதம் 2,657 வீதம் மீட்க 20 மாதம் ஆகும். மோசமில்லை. ஆனால் 8.5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் மாத மிச்சம் 29,542க்கும் 28,670க்கும் உள்ள 872 ரூபாய்தான். கூடுதல் செலவு 53,000 கழித்தல் 8,850, அதாவது 44,150 ரூபாய். இதை மீட்க 51 மாதம் வேண்டும். நான்கு ஆண்டும் மூன்று மாதமும் கழித்துத்தான் மாறியதன் லாபம் தொடங்கும்.

அதற்குள் வீட்டை விற்கும் எண்ணம் இருக்கிறதா? ஓய்வூதியப் பணமோ ஊர் நிலம் விற்ற பணமோ வந்து கடனைப் பெருமளவு அடைக்கப் போகிறீர்களா? அப்படியானால் மாறாதீர்கள். பத்து, பதினைந்து ஆண்டு கட்டத்தான் போகிறோம் என்றால் மாறுவது பயன் தரும்: 180 மாதத்துக்கு 872 ரூபாய் என்றால் 1,56,960, செலவு போக ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். பதினைந்து ஆண்டுக்கு இது பெரிய தொகையா என்றால், என் கருத்தில் அது மட்டும் போதுமான காரணம் அல்ல.

இன்னொரு காரணம் இருக்கிறது, நான் அதற்குத்தான் அதிக எடை தருவேன். இன்று கேட்டதற்காக 8.5 சதவீதம் தந்த நிறுவனம், நாளை ரெப்போ மறுபடி இறங்கும்போது உங்களைத் திரும்ப மறந்துவிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கடிதம் எழுதி, கட்டணம் கட்டி, குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரெப்போவோடு இணைந்த வங்கிக் கடனில் இறக்கம் தானாக வரும். அப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கம் நமக்கு இல்லை என்றால், அரை சதவீத வித்தியாசத்துக்கே மாறுவது நியாயம். இரண்டு பக்கமும் ரெப்போ கடன்தான், வித்தியாசம் கால் சதவீதம்தான் என்றால், அந்த அலைச்சலுக்கு அர்த்தமில்லை.

கடன் முடியும் தறுவாயில் இருந்தாலும் அப்படித்தான். பாக்கி 10 லட்சம், காலம் 5 ஆண்டு என்று வைத்து அதே 9.5, 8 சதவீதங்களைப் போட்டுப் பாருங்கள். தவணை 21,002 ரூபாயிலிருந்து 20,276 ஆகும். மாதம் 726 மிச்சம், ஐந்து ஆண்டுக்கு 43,560. செலவோ 31,000 ரூபாயைத் தாண்டும், ஏனென்றால் வழக்கறிஞர் கட்டணமும் 6,000 ரூபாய்ப் பதிவுக் கட்டணமும் கடன் சிறியது என்பதற்காகக் குறைவதில்லை. கையில் நிற்பது சுமார் 12,000 ரூபாய். மாற்றுவதற்கு ஒதுக்கும் அந்த 31,000 ரூபாயை அசலிலேயே கட்டிவிடலாம்.

தவணை குறைந்தும் செலவு கூடும்

வட்டி குறைந்த பிறகும் மொத்தத்தில் அதிகம் கட்ட முடியுமா? முடியும். மாறுகிறவர்களில் பலர் விழும் குழி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதிய வங்கியின் பிரதிநிதி வீட்டுக்கு வருகிறார். “சார், இப்ப முப்பத்தோராயிரத்துச் சொச்சம் கட்டுறீங்க. எங்ககிட்ட வந்தா இருபத்தஞ்சாயிரம்தான். மாசம் ஆறாயிரம் கையில நிக்கும்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. 8 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு 20 ஆண்டுக் கடன் என்றால் தவணை 25,093 ரூபாய்தான். ஆனால் 15 ஆண்டில் முடிய வேண்டிய கடன் 20 ஆண்டு ஆகிவிட்டது. பழைய இடத்தில் 9.5 சதவீதத்தில் இருந்திருந்தால் 180 மாதத்தில் மொத்தம் 56,38,860 ரூபாய் கட்டியிருப்பார்கள். புதிய இடத்தில் 240 மாதத்துக்கு 60,22,320 ரூபாய். ஒன்றரை சதவீதம் வட்டி குறைந்தும் 3,83,460 ரூபாய் அதிகம்.

இதற்கு மாற்று, எதிர்த் திசையில் போவது. வட்டி 8 சதவீதம் ஆனாலும் தவணையைக் குறைக்காமல் பழைய 31,327 ரூபாயையே தொடர்ந்து கட்டினால், கடன் 180 மாதத்துக்குப் பதிலாக 153 மாதத்தில் முடிந்துவிடும். இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் முன்னதாக. மொத்தத்தில் மிச்சம் 8,40,000 ரூபாய்க்கு மேல். தவணையைக் குறைத்துக்கொண்டால் கிடைத்த 4,78,000 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கட்டிப் பழகிய தொகைதான், வீட்டுச் செலவில் எந்த மாற்றமும் தேவையில்லை. ஆகவே விண்ணப்பத்தில் காலம் என்ற இடத்தில் பாக்கி மாதங்களையோ அதற்கும் குறைவாகவோ எழுதச் சொல்லுங்கள். பிரதிநிதி நிரப்பிய விண்ணப்பத்தில் 240 என்று இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

மாத வருமானம் உண்மையிலேயே நெருக்கடியில் இருந்தால் காலத்தை நீட்டிக்கொள்வதில் குற்றமில்லை. அதன் விலை என்ன என்று தெரிந்து நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு செலவுகள் கடனுக்குள்ளேயே ஒளிந்து வரும். ஒன்று, காப்பீடு. கடன்தாரர் இறந்தால் பாக்கியைக் கட்டும் பாலிசியை ஒரே பிரீமியமாகக் கணக்கிட்டு, அதைக் கடன் தொகையோடு சேர்த்துவிடுவார்கள். 60,000 ரூபாய் பிரீமியம் என்றால் நாம் மேலே பார்த்த 53,000 ரூபாய்ச் செலவு இரட்டிப்புக்கும் மேல் ஆகிவிடும்; அதற்குக் கடன் முடியும்வரை வட்டியும் உண்டு. குடும்பத்துக்குக் காப்பீடு அவசியம். அதை வங்கி சொல்லும் நிறுவனத்தில்தான், வங்கி சொல்லும் விதத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய கடனோடு எடுத்த பாலிசி இருந்தால் அதைத் தொடர முடியுமா, இல்லாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். மற்றொன்று, ‘டாப் அப்’. மாற்றும்போதே இன்னும் ஐந்து லட்சம் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். தேவை இருந்தால் தனிநபர் கடனைவிட அது மலிவுதான். ஆனால் வட்டியைக் குறைக்கப் போன இடத்தில் கடனைப் பெருக்கிக்கொண்டு வருவதில் என்ன பயன் என்று யோசிக்க வேண்டும். எம்.ஓ.டி. தீர்வையும் கூடிய தொகைக்குத்தான் கணக்கிடப்படும்.

இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் தாள் ஒன்று உண்டு. 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். அதில் வட்டியோடு கட்டணங்களையும் காப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீதம் ஒன்று இருக்கும். விளம்பரத்தில் 8 என்று இருந்து, இந்தத் தாளில் 8.4 என்று இருந்தால் எங்கே கூடியது என்று கேளுங்கள். முத்திரைத் தீர்வை அந்தத் தாளில் சேராமல் இருக்கலாம், அதை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பத்திரம் கைமாறும் நாட்கள்

வட்டிக் கணக்கு சாதகமாக இருந்தாலும் எல்லா வீட்டையும் எல்லா வங்கியும் ஏற்பதில்லை. பஞ்சாயத்து அனுமதியோடு மட்டும் இருக்கும் மனை, அனுமதித்த வரைபடத்தைவிட ஒரு மாடி கூடுதலாகக் கட்டிய வீடு, பட்டாவில் இன்னும் பழைய உரிமையாளர் பெயர் இருக்கும் இடம் ஆகியவற்றுக்குப் பல நிதி நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் வட்டியில் கடன் கொடுத்திருக்கும். வங்கியின் வழக்கறிஞர் அதே காகிதங்களைப் பார்த்து மறுத்துவிடலாம். திருப்பித் தராத பரிசீலனைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, பிறகு இது தெரியவந்தால் பணம் போனதுதான். ஆகவே பழைய நிறுவனத்திடமிருந்து அவர்கள் வைத்திருக்கும் ஆவணங்களின் பட்டியலை வாங்கி, உங்களிடம் உள்ள நகல்களோடு முதலில் வங்கி வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது என்று அவர் கேட்பது எதுவும் விடுபட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கடன் அனுமதி வந்த பிறகு, பழைய நிறுவனத்திடம் கடனை முடிப்பதற்கான கணக்கு அறிக்கையை எழுத்தில் கேட்க வேண்டும். கடனை மாற்றக் கேட்டு விண்ணப்பித்தால் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. இந்தக் கட்டத்தில் பழைய இடத்திலிருந்து தொலைபேசி வரும். “மேடம், நீங்க ஏன் போறீங்க? நாங்களே எட்டே கால் தர்றோம்” என்பார்கள். கடிதம் எழுதியபோது 8.5 என்றவர்கள் இப்போது இறங்கி வருவது சாதாரணம்தான். கோபப்பட வேண்டாம். அதை எழுத்தில் வாங்கி, மேலே போட்ட வகுத்தலை மறுபடி போடுங்கள். 8.25க்கும் 8க்கும் இடையே தவணை வித்தியாசம் மாதம் 434 ரூபாய்தான். கூடுதல் செலவை மீட்க எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். வழக்கறிஞர் கட்டணமாகக் கொஞ்சம் போயிருந்தாலும் நானாக இருந்தால் அங்கேயே இருந்துவிடுவேன்.

மாறுவது என்று உறுதியானால் அந்தக் கணக்கு அறிக்கையின் தேதிதான் எல்லாம். குறிப்பிட்ட நாள்வரை இவ்வளவு, அதற்குப் பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு வட்டி என்று அதில் இருக்கும். 30 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி சுமார் 780 ரூபாய். புதிய வங்கி நான்கு நாள் தாமதமாகப் பணம் அனுப்பினால் மூவாயிரம் ரூபாய் குறையும். அந்த மூவாயிரத்துக்காகக் கடன் கணக்கு மூடப்படாமல் திறந்தே இருக்கும், பத்திரமும் வராது. புதிய வங்கியிலோ முழுக் கடனுக்கும் வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். பணம் போகும் நாளில் பழைய நிறுவனத்தை அழைத்து, அன்றைய முழுத் தொகையைக் கேட்டுச் சரிபார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பச் சொல்வது நல்லது. மிகுந்ததைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதே வாரத்தில் பழைய தவணை உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகாதபடி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும், பத்திரம் புதிய வங்கியின் கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். அந்த நாட்களில் புதிய வங்கியிடம் அடமானம் ஏதும் இல்லை. அதனால் சில வங்கிகள் பத்திரம் வரும்வரை வட்டியைக் கூட்டி வசூலிக்கும். உங்கள் வங்கி அப்படிச் செய்யுமா என்று அனுமதிக் கடிதத்தில் தேடிப் பாருங்கள். கடன் முழுக்க அடைந்த 30 நாளுக்குள் எல்லா அசல் ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும், பதிவு செய்த பொறுப்பையும் நீக்கித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இதற்காகவே, கடன் முழுதும் அடைந்தது என்ற கடிதத்தைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு வேலை. பழைய நிறுவனத்தின் அதிகாரி வந்து ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பழைய எம்.ஓ.டி.யை நீக்க வேண்டும். பிறகு புதிய வங்கிக்கு எம்.ஓ.டி. பதிவாகும், அதற்கு வீட்டின் உரிமையாளர்கள் அனைவரும் நேரில் வர வேண்டும். இருவரில் ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்த்தால் பொது அதிகார ஆவணம் தயாராகவே சில வாரங்கள் பிடிக்கும், அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். பழைய நிறுவனத்தின் அதிகாரி வரும் நாளை ஒருங்கிணைப்பதுதான் நடைமுறையில் பெரிய பாடு. ஒரே நாளில் இரண்டையும் முடிக்க இரு தரப்பையும் பேசவைத்தால் ஓர் அலைச்சல் மிச்சம்.

பத்து, பதினைந்து நாள் கழித்துப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் எம்.ஓ.டி., அதை நீக்கிய ரசீது, புதிய வங்கியின் எம்.ஓ.டி. என்று மூன்று பதிவுகளும் வரிசையாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள ரசீது விடுபட்டிருந்தால் வீட்டின் மேல் இரண்டு கடன் இருப்பதாகவே அந்தச் சான்று காட்டும். அப்போது பழைய நிறுவனத்துக்கு அன்றைக்கே எழுதுங்கள். அங்கே உள்ள அதிகாரி மாற்றலாகிப் போகும் முன் அந்தக் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும்.